ஒரு ஷாஃப்டின் அடக்கவிலை
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பு இரண்டு வரிக்கு நீண்டிருக்கிறது. நான் பேசப்போவது ஒரே ஒரு ஷாஃப்டைப் பற்றித்தான். கோயம்புத்தூரில் மோனோபிளாக் பம்ப் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் 4,000 பம்ப் செய்கிறார்கள். ஒவ்வொரு பம்ப்புக்கும் ஒரு ஷாஃப்ட் வேண்டும். அதை இ.என்.8 கம்பியிலிருந்து தங்களுடைய மூன்று சி.என்.சி. மெஷின்களில் கடைந்துகொள்கிறார்கள். கணபதியிலோ குறிச்சியிலோ ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் வந்து, "கம்பியும் என்னுடையது, கொண்டுவந்து இறக்குவதும் என் பொறுப்பு, ஷாஃப்ட் ஒன்று 205 ரூபாய்க்குத் தருகிறேன்" என்கிறார். எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. ஆனால் கேள்வி அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வாரம் ஒருமுறையாவது எழுவது.

முதலாளி கணக்காளரைக் கூப்பிட்டு, "நமக்கு ஷாஃப்ட் என்ன அடங்குகிறது?" என்று கேட்கிறார். அடக்கவிலைத் தாளில் விடை தயாராக இருக்கிறது. ஸ்கிராப் விற்ற பணம் போகக் கம்பிக்கு 110 ரூபாய். ஆபரேட்டர் கூலி 40. மின்சாரம், இன்சர்ட், கூலன்ட் வகையில் 30. ஷாஃப்ட் பிரிவின் தலையில் ஏற்றிய நிலைச் செலவு 70. மொத்தம் 250. வெளியே 205. ஒன்றுக்கு 45 ரூபாய் மிச்சம், மாதத்துக்கு 1,80,000. இதைப் பார்த்த யாருக்கும் வெளியில் வாங்கத்தான் கை போகும்.

இங்கே கணக்காளர் பொய் சொல்லவில்லை. 250 என்பது சரியான எண்தான், வேறொரு கேள்விக்கு. ஆண்டு முடிவில் கையிருப்பை மதிப்பிட வேண்டும் என்றால் அந்த எண் வேண்டும். ஜான் மாரிஸ் கிளார்க் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1923-இல் மேற்செலவுகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். வெவ்வேறு தேவைக்கு வெவ்வேறு அடக்கவிலை என்பதுதான் அதில் அவர் பிடித்த பிடி. நூறு ஆண்டு கழித்தும் நம் தொழிற்சாலைகளில் ஒரே தாளை எல்லாக் கேள்விக்கும் நீட்டுகிறோம்.

இப்போது கேள்வி வேறு. ஷாஃப்டை வெளியில் வாங்கினால் அடுத்த மாதம் நம் கையிலிருந்து போகும் பணத்தில் எது நிற்கும், எது நிற்காது? அந்தத் தாளை ஒரு ஷாஃப்டுக்கு என்று பார்க்காமல் மாதக் கணக்காகப் பிரித்தால்தான் இது தெரியும். கம்பிக்குப் போகும் 4,40,000 நிற்கும். மின்சாரம், இன்சர்ட்டுக்கான 1,20,000 நிற்கும். கூலிதான் சிக்கல். பாடப்புத்தகம் 'நேரடிக் கூலி' என்று எழுதி, அதை மாறும் செலவுப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. நம் தொழிற்சாலையில் அந்த 1,60,000 என்பது எட்டு ஆபரேட்டர்களின் மாதச் சம்பளம், ஆளுக்கு 20,000. அவர்களில் ஆறு பேர் நிரந்தரம், இரண்டு பேர் ஒப்பந்தம். ஷாஃப்ட் வேலை நின்றால் ஒப்பந்த ஆட்கள் இருவரும் போய்விடுவார்கள். நிரந்தர ஆட்கள் எங்கும் போகமாட்டார்கள், போகவும் கூடாது. ஆக, கூலியில் நிற்பது 40,000 மட்டுமே.

நிலைச் செலவு 2,80,000-ஐயும் இப்படியே உடைப்போம். அதில் 1,40,000 தேய்மானம். மெஷின் ஒன்று 28 லட்சம், மூன்றுக்கு 84 லட்சம், ஐந்தாண்டில் கழிப்பது என்று வைத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் சம்பளம் 40,000. அவர் மற்றப் பிரிவுகளையும் பார்ப்பதால் இருப்பார். கட்டட வாடகையிலும் அலுவலகச் செலவிலும் பங்காக வந்தது 80,000. ஷாஃப்ட் பிரிவை மூடினாலும் கட்டடக்காரர் ஒரு ரூபாய் குறைக்கப்போவதில்லை. மிச்சம் 20,000 மெஷின்களின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு. அதை ரத்து செய்யலாம், அது நிற்கும்.

நிற்பவற்றைக் கூட்டினால் 6,20,000. ஷாஃப்ட் ஒன்றுக்கு 155 ரூபாய். வெளியில் வாங்கினால் 8,20,000. மாதம் 1,80,000 மிச்சம் என்று நினைத்த இடத்தில் 2,00,000 நட்டம். ஒரே தாள், ஒரே எண்கள்.

இந்த முடிவை முதலாளியிடம் சொன்னால் அவர் மகிழ்ந்துபோய், "அதானே பார்த்தேன், மெஷினுக்கு மாசாமாசம் இ.எம்.ஐ. கட்டிக்கிட்டு, அதைச் சும்மா போட்டுட்டு வெளியில வாங்கச் சொல்றாங்களே" என்பார். முடிவு சரி, அதற்கு அவர் சொல்லும் காரணம் தவறு. வெளியில் வாங்கினாலும் வங்கிக்கு இ.எம்.ஐ. போகும், வாங்காவிட்டாலும் போகும். இரண்டு பக்கமும் சமமாக இருப்பது எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. கொட்டேஷன் 205-க்குப் பதிலாக 150 என்று வந்திருந்தால், இதே இ.எம்.ஐ. வாதம் அவரை நட்டத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். இன்னொருவர் இதற்கு நேர்மாறாக, "தேய்மானமே 35 ரூபாய் விழுகுது, அதனால வெளியில வாங்குவோம்" என்பார். அதே 84 லட்சம்தான் ஒருவரை உள்ளே தள்ளுகிறது, இன்னொருவரை வெளியே இழுக்கிறது. செலவழிந்துபோன பணத்தை மேசைக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான், ஆளுக்கொரு பக்கம் பேசும்.

ஆனால் மாணவர்கள் இங்கே ஒரு படி கூடுதலாகத் தாண்டிவிடுகிறார்கள். மூழ்கிய செலவு என்றதும் மெஷினையே கணக்கிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். மூழ்கியது மெஷினுக்குக் கொடுத்த 84 லட்சம். மெஷின் மூழ்கவில்லை, தரையில் போல்ட் போட்டு நிற்கிறது. அதை இன்று விற்றால் ஒரு தொகை வரும். மூன்றும் சேர்ந்து 30 லட்சத்துக்குப் போகும் என்றும், இன்னும் ஓராண்டு ஓட்டிவிட்டு விற்றால் 22 லட்சம்தான் கிடைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். நிரந்தரமாக வெளியில் வாங்குவது என்ற யோசனையில், ஷாஃப்டை உள்ளே கடைவதற்காக ஓராண்டில் 8 லட்சத்தை இழக்கிறோம். 30 லட்சத்துக்கு 10 விழுக்காடு வட்டி என்றால் இன்னும் 3 லட்சம். ஆக ஆண்டுக்கு 11 லட்சம், ஷாஃப்டுக்கு ஏறத்தாழ 23 ரூபாய். 155-உடன் கூட்டினால் 178. இதற்கு எங்கும் வவுச்சர் கிடையாது, எந்தப் பேரேட்டிலும் பதிவில்லை. ஆனால் இது நிஜமான செலவு. தேய்மானம் 35 என்று பேரேட்டில் இருப்பது நிஜமில்லை. இந்த இடத்தைப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்றதெல்லாம் எளிது.

வாய்ப்பிழப்புச் செலவு மனிதர்களிடமும் ஒளிந்திருக்கும். அந்த ஆறு நிரந்தர ஆபரேட்டர்களின் 1,20,000 நிற்காது என்று ஒதுக்கினோம். அசெம்ப்ளிப் பிரிவுக்கு ஆறு பேரை எடுக்க முதலாளி ஏற்கெனவே விளம்பரம் கொடுத்திருந்தால்? இவர்களை அங்கே மாற்றினால் புதிதாக ஆள் எடுக்க வேண்டாம். அப்போது ஷாஃப்ட் கடைவதற்காக அந்தச் சம்பளத்தை வேறிடத்தில் இழக்கிறோம் என்று பொருள். ஷாஃப்டுக்கு 30 ரூபாய் கூடும். இது மட்டும் நடந்தால் 185, இன்னும் உள்ளே கடைவதே மலிவு. மெஷினை விற்கும் வாய்ப்பும் சேர்ந்தால் 208. முடிவு திரும்பிவிட்டது, 3 ரூபாயில். இத்தனைக்கும் பட்டறைக்காரர் விலையை மாற்றவில்லை, கம்பி விலை ஏறவில்லை. அடுத்த அறையில் ஆள் தேவையா என்ற செய்தி ஷாஃப்டின் விலையை மாற்றிவிட்டது. அதனால்தான் இந்தக் கணக்கைக் கணக்காளர் தன் மேசையிலேயே உட்கார்ந்து முடிக்க முடியாது என்கிறேன். ஹெச்.ஆர். பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

(3 ரூபாய் வித்தியாசத்துக்கு நானாக இருந்தால் மாற்றமாட்டேன். பேரிங் உட்காரும் இடத்தில் அளவு கொஞ்சம் பிசகினாலும் பம்ப் சத்தம் போடும். வெளியில் வாங்கினால் வந்திறங்கும் ஷாஃப்டை அளந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அவர் சம்பளம் 205-க்குள் இல்லை.)

பொருளியலில் நோபல் பரிசு 1991-இல் ரொனால்டு கோஸுக்குக் கிடைத்தது. ஒரு நிறுவனம் எதை உள்ளேயே செய்துகொள்கிறது, எதைச் சந்தையில் வாங்குகிறது, ஏன் என்று அவர் 1937-இல் எழுதிய கட்டுரையை இங்கே பலரும் படித்திருப்பீர்கள். அடுத்த ஆண்டே அவர் லண்டனில் கணக்காளர்கள் படிக்கும் 'தி அக்கவுன்டன்ட்' இதழில் ஒரு தொடர் எழுதினார். ஒரு முடிவின் செலவு என்பது அந்த முடிவால் கைவிட்ட வேறொன்றின் மதிப்பு என்பதைக் கணக்காளர்களுக்கு அதில் விளக்கிக்கொண்டிருந்தார். பொருளியல் வகுப்பில் முதல் கட்டுரையைச் சொல்லிக்கொடுக்கிறோம், வணிகவியல் வகுப்பில் இரண்டாவதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. செய்வதா வாங்குவதா என்ற கேள்வியை இரு முனையிலும் பிடித்த ஆளின் பெயர் நம் அடக்கவிலைப் புத்தகங்களில் வராதது எனக்கு வியப்புதான்.

சரி, நம் தொழிற்சாலைக்குத் திரும்புவோம். மெஷினை விற்கவில்லை, ஆளையும் மாற்றவில்லை, ஷாஃப்ட் உள்ளேயே ஓடுகிறது. மூன்று மெஷின்களும் சேர்ந்து மாதத்துக்கு 1,000 மணி நேரம் உருப்படியாக ஓடுகின்றன. மணிக்கு 4 ஷாஃப்ட் வீதம் 4,000 ஷாஃப்டுக்கு அது சரியாகப் போய்விடுகிறது. மிச்ச நேரம் இல்லை. அப்போது ஓர் ஏற்றுமதியாளர் வருகிறார். ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்கு அனுப்ப ஒரே முறையாக 800 பம்ப் வேண்டும், பம்ப்புக்கு 5,400 ரூபாய் தருவேன் என்கிறார். டீலர்களுக்கு நம் விலை 6,500.

மறுபடி தாளைப் பார்க்கிறார்கள். ஷாஃப்ட் தவிர்த்த பொருள்கள் 4,100. ஷாஃப்டுக்குக் கம்பி, மின்சாரம் வகையில் 140. அசெம்ப்ளி, டெஸ்டிங், பேக்கிங் 260. டீலர் கமிஷன் 200. நிலைச் செலவு 1,200. மொத்தம் 5,900. "5,900-க்கு அடங்குற பம்ப்பை 5,400-க்குக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று முதலாளி எழுந்துவிடுகிறார். தேர்வில் இந்த இடத்தைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்குத் தெரியும்: 1,200 எப்படியும் போகும் செலவு, ஏற்றுமதிக்கு டீலர் கமிஷன் கிடையாது, ஆகவே 4,500-தான் அடங்குகிறது, 900 ரூபாய் லாபம், ஆர்டரை எடு. பத்தில் ஏழு மாணவர்கள் இங்கே கோடு போட்டு விடையை எழுதிவிடுவார்கள். இரண்டு பக்கமும் தவறு. எடுத்துப் பார்ப்போம்.

முதலில் சின்ன விஷயங்கள். ஏற்றுமதிக்கு மரப்பெட்டி வேண்டும், அசெம்ப்ளி ஆட்களுக்குக் கூடுதல் நேர வேலை வரும். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்பு ஊதியம். இரண்டும் சேர்ந்து பம்ப்புக்கு 90 ரூபாய். மாதச் சம்பள ஆட்கள் என்பதால் சாதாரண நேரத்தின் கூலி கணக்கில் வராது, கூடுதல் நேரத்தின் கூலி வரும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிவது ஒரு நல்ல அடையாளம்.

அடுத்தது செம்பு. ஒரு பம்ப்புக்கு 1.5 கிலோ வைண்டிங் வயர் போகிறது. தாளில் கிலோ 700 ரூபாய் என்று இருக்கிறது, ஏனென்றால் கிடங்கில் இருப்பது அந்த விலைக்கு வாங்கியது. இன்று சந்தையில் 820. "பழைய ஸ்டாக்தானே, 700 போதும்" என்றால் போதாது. செம்பு தினமும் ஓடும் சரக்கு. இந்த ஆர்டருக்கு எடுத்ததை நாளைக்கே 820-க்கு வாங்கி நிரப்ப வேண்டும். 700 என்பதும் மூழ்கிய செலவுதான், மூழ்கிய செலவு சில நேரம் உண்மைச் செலவைவிடக் குறைவாகவும் இருக்கும். பம்ப்புக்கு 180 ரூபாய் கூடுகிறது. பொருள் 4,280 ஆகிறது.

கிடங்கின் இன்னொரு மூலையில் பழைய மாடல் டெர்மினல் பாக்ஸ் ஆயிரம் கிடக்கிறது. டீலர்கள் புது மாடல்தான் கேட்பதால் அது இனி ஓடாது. ஏற்றுமதியாளருக்குப் பழைய மாடல் போதும். பழையதைப் போட்டால் புதியதற்கான 60 ரூபாய் மிச்சம். பழையதை ஸ்கிராப்பில் போட்டிருந்தால் 8 ரூபாய் வந்திருக்கும், அது போகிறது. ஆக 52 ரூபாய் நமக்குச் சாதகம். பழைய பாக்ஸை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று நான் சொல்லவே இல்லை. இதுவரை யாரும் கேட்கவும் இல்லை, கவனித்தீர்களா? செம்புக்கு இன்றைய கொள்முதல் விலை, டெர்மினல் பாக்ஸுக்கு ஸ்கிராப் விலை. ஒரே கிடங்கு, ஒரே ஆர்டர், ஆனால் ஒவ்வொரு சரக்கும் 'நான் இங்கே போகாவிட்டால் எங்கே போவேன்' என்று சொல்லும் பதிலைப் பொறுத்து அதன் செலவு மாறுகிறது.

இப்போது பெரிய விஷயம். ஷாஃப்ட் மெஷினில் நேரம் இல்லை. 800 ஷாஃப்டுக்கு 200 மணி நேரம் வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது?

தேர்வுக்குப் படித்த மாணவர் உடனே சொல்வார்: டீலர்களுக்குப் போகும் 800 பம்ப்பைக் குறைக்க வேண்டும், அதில் இழக்கும் பங்களிப்பே வாய்ப்பிழப்புச் செலவு. டீலர் பம்ப்பின் பங்களிப்பு என்ன? 6,500-இலிருந்து பொருள் 4,280, ஷாஃப்ட் 140, அசெம்ப்ளி வகை 260, கமிஷன் 200 கழித்தால் 1,620. ஏற்றுமதி பம்ப்பின் பங்களிப்பு? 5,400-இலிருந்து 4,280, 140, 260, 90 கழித்து, 52 கூட்டினால் 682. ஒவ்வொரு பம்ப்பிலும் 1,620-ஐ விட்டு 682-ஐப் பிடிக்கிறோம். 938 நட்டம், 800-க்கு ஏழரை லட்சம். ஆர்டர் வேண்டாம்.

அவர் கணக்கில் பிழையில்லை. ஆனால் வாசலில் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் 205 ரூபாய்க் கொட்டேஷனோடு உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டார். 800 ஷாஃப்டை மட்டும் அவரிடம் வாங்கினால் டீலர் பம்ப் ஒன்றுகூடக் குறைய வேண்டியதில்லை. உள்ளே கடைந்தால் 140, வெளியே 205. வித்தியாசம் 65 ரூபாய். முன்பு 155 என்று சொல்லிவிட்டு இப்போது 140 என்கிறேனே என்று நினைக்கலாம். ஷாஃப்ட் பிரிவையே மூடும்போது ஒப்பந்தக் கூலியில் 10 ரூபாயும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் 5 ரூபாயும் சேர்ந்து நின்றன. இப்போது மெஷின்கள் முழு நேரமும் ஓடத்தான் போகின்றன, அந்த ஆட்களும் பராமரிப்பும் தொடரும். 800 ஷாஃப்டை வெளியே அனுப்புவதால் நிற்பது கம்பியும் மின்சார வகையும் மட்டுமே.

ஆகவே ஏற்றுமதி பம்ப்பில் 682 கிடைக்கும் என்றோமே, அதிலிருந்து 65 போனால் 617. 800-க்கு 4,93,600 ரூபாய். ஏழரை லட்சம் நட்டம் என்று விட்ட ஆர்டர் ஏறக்குறைய ஐந்து லட்சம் லாபம் தருகிறது.

இதை இன்னொரு வகையில் சொல்கிறேன், எனக்கு இதுதான் மிகவும் பிடித்த இடம். இந்தத் தொழிற்சாலையில் சி.என்.சி. மெஷினின் ஒரு மணி நேரம் என்ன விலை பெறும்? டீலர் பம்ப்பைக் குறைக்கச் சொன்ன மாணவர் கணக்கில் மணிக்கு 4 பம்ப், ஒன்றுக்கு 1,620, ஆக 6,480 ரூபாய். நம் கணக்கில் மணிக்கு 4 ஷாஃப்ட், ஒன்றுக்கு 65, ஆக 260 ரூபாய். ஒரு வளத்தின் வாய்ப்பிழப்புச் செலவு, அது இல்லாமல் போனால் நேரும் மிகப் பெரிய நட்டம் என்று எடுத்துக்கொள்வது பிழை. அது இல்லாமல் போனால் நாம் செய்யக்கூடியவற்றில் மிக மலிவான மாற்று வழிக்கு ஆகும் செலவே அது. பக்கத்துத் தெருவில் நெசவு இயந்திரப் பாகம் செய்பவர் ஒருவர் வந்து, "உங்கள் மெஷினில் எனக்கு ரோலர் கடைந்து கொடுங்கள், இரும்பு என்னுடையது" என்று கேட்டால், அவர் தரும் கூலியில் மின்சாரம், இன்சர்ட் போக மணிக்கு 260-க்கு மேல் நின்றால் எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்கு ஷாஃப்டை வெளியில் வாங்கலாம். குறைந்தால் வேண்டாம். செய்வதா வாங்குவதா என்பதும் சிறப்பு ஆர்டரை எடுப்பதா விடுவதா என்பதும் பாடப்புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்களாக இருக்கின்றன. மெஷினுக்கு முன்னால் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கேள்வி.

இந்த 260 எப்போதும் 260 அல்ல. பட்டறைக்காரரால் மாதம் 500 ஷாஃப்ட்தான் தர முடியும் என்றால், 500 வரைதான் அந்த விலை. 501-வது ஷாஃப்டில் ஒரு மணி நேரத்தின் விலை 6,480-க்குத் தாவிவிடும். 500 பம்ப்புக்கு லாபமான ஆர்டர் மிச்சம் 300-க்கு நட்டம். அப்போது ஏற்றுமதியாளரிடம் 500 மட்டும் இந்த மாதம், மிச்சம் அடுத்த மாதம் என்று பேசிப்பார்க்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கலாம்: 500-இல் 617 வீதம் 3,08,500 வரவு, 300-இல் 938 வீதம் 2,81,400 இழப்பு. 27,100 மிஞ்சுகிறது. இதற்காக 300 டீலர் பம்ப்பைத் தாமதப்படுத்தி, பருவத்தில் டீலர்களின் கோபத்தை வாங்கிக்கொள்வதா என்பது கணக்காளர் விடை சொல்லும் கேள்வி அல்ல.

கொட்டேஷனை ஒப்பிடும்போது செய்யும் ஒரு சில்லறைத் தவறையும் சொல்லிவிடுகிறேன். சிலர் 205-க்கு மேல் ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக்கொண்டு ஒப்பிடுகிறார்கள். வரவு எடுத்துக்கொள்ள முடிந்த வரி செலவல்ல. கம்பிக்கு வரியில்லாமல் 110 போட்டுவிட்டு, வெளி ஷாஃப்டுக்கு வரியோடு போட்டால் உள்ளே கடைவது உள்ளதைவிட மலிவாகத் தெரியும்.

சிறப்பு ஆர்டரில் எல்லோரும் பயப்படும் ஒன்று உண்டு. 5,400-க்குக் கொடுத்தது வெளியே தெரிந்தால் டீலர்கள் சும்மா இருப்பார்களா? இந்தப் பயத்தை 'பிற காரணிகள்' என்று விடைத்தாளின் கடைசியில் ஒரு வரியாக எழுதுவார்கள். அதையும் எண்ணாகவே பார்க்கலாம். மாதம் 4,000 பம்ப் டீலர்களுக்குப் போகிறது. 4,93,600-ஐ 4,000-ஆல் வகுத்தால் 123 ரூபாய். டீலர் விலை பம்ப்புக்கு 123 ரூபாய் குறைந்து ஒரு மாதம் நின்றால், இந்த ஆர்டரின் லாபம் முழுவதும் போய்விடும். 41 ரூபாய் குறைந்து மூன்று மாதம் நின்றாலும் அதே கதை. 6,500-இல் 41 ரூபாய்! ஆகவே சரக்கு உண்மையிலேயே கப்பல் ஏறுகிறதா, உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பி வருமா, பெயர்ப்பலகையில் நம் பிராண்ட் வேண்டுமா, வேறு பெயர் போடலாமா என்பவற்றை முதலில் பேசி முடிக்க வேண்டும். வேறு பெயர் போட ஒரு பம்ப்புக்குச் சில ரூபாய் ஆனாலும், 123-க்கு முன்னால் அது மலிவான காப்பீடு.

அதே ஏற்றுமதியாளர் அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் 800 கேட்டால் அது சிறப்பு ஆர்டர் அல்ல, இரண்டாவது சந்தை. அப்போது நான்காவது மெஷின் வாங்குவதா என்ற பேச்சு வரும், அசெம்ப்ளியில் நிரந்தரமாக ஆள் எடுக்க நேரும். 'எப்படியும் போகும் செலவு' என்று ஒதுக்கிய 1,200-இல் ஒரு பகுதி உயிர்பெற்று எழும். சிறப்பு ஆர்டர்களாலேயே மெஷினை நிரப்பி, எல்லா ஆர்டரிலும் பங்களிப்பு காட்டி, ஆண்டு முடிவில் நட்டத்தில் நிற்கும் தொழிற்சாலைகளை இந்த ஊரில் உள்ளவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

காலத்தின் இந்தப் பங்குதான் ஷாஃப்டின் கேள்வியையும் மாற்றுகிறது. இன்று உள்ளே கடைவது 155, வெளியே 205 என்றோம். மெஷின்களின் ஆயுள் முடியும் ஆண்டுக்கு வாருங்கள். அன்று 84 லட்சம் இன்னும் செலவாகாத பணம். வாங்கலாம், வாங்காமலும் விடலாம். அதனால் மெஷினுக்கான 35 ரூபாய் கணக்குக்குள் வந்து உட்காரும், புது மெஷின் விலை ஏறியிருந்தால் இன்னும் கூடுதலாகவே வரும். ஐந்தாண்டு முன்கூட்டியே தெரியும் என்பதால் ஆபரேட்டர்களை மெதுவாக மற்றப் பிரிவுகளுக்கு மாற்றி, ஓய்வுபெறுபவர்களின் இடத்தை அவர்களைக்கொண்டு நிரப்பலாம். 30 ரூபாய் அதில் வரும். சூப்பர்வைசரின் 10 ரூபாயும் அப்படியே. 155-உடன் இவற்றைக் கூட்டினால் 230. வாடகைப் பங்கு 20 மட்டும்தான் வெளியே நிற்கிறது. 205-க்கு வெளியில் வாங்குவது அன்று மாதம் ஒரு லட்சம் மலிவு.

அன்று வெளியில் போகலாம் என்று முடிவெடுத்தாலும், மெஷின் இல்லாத தொழிற்சாலையிடம் பட்டறைக்காரர் 205-இலேயே நிற்பாரா என்ற கேள்வி இருக்கிறது. 230 வரை ஏற்ற அவருக்கு இடம் உண்டு என்பதை அவரும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். நான் ஆலோசனை சொல்லும் இடங்களில், மூன்று மெஷினில் ஒன்றை மட்டும் புதுப்பித்து, மூன்றில் ஒரு பங்கு ஷாஃப்டை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்த ஒரு மெஷின் மாதம் 30,000-க்கு மேல் கூடுதல் செலவு வைக்கும். அதற்குப் பதில் பட்டறைக்காரர் கம்பி விலையோடு இணைத்த மூன்றாண்டு விலை ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கச் சம்மதித்தால், அந்த ஒன்றும் வேண்டாம். அந்தப் பேச்சை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் நான்காம் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். அப்போதுதான் 155 ரூபாய்க்குக் கடைந்துகொள்ளும் ஆளாக நாம் எதிரே உட்கார முடியும்.